பால் கொடுக்கும் அம்மாவும் பில்டர் காபியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவ வார்டிலும் பிறகு தடுப்பூசி அறையிலும் செவிலியராக வேலை பார்த்ததில் இந்தச் சந்தேகங்களைக் கேட்காத வாரமே எனக்குக் கிடையாது. கேட்கும்போது பாதிப் பேர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. பெரும்பாலும் பக்கத்தில் மாமியார் நிற்பார். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களை அடியில் வைத்திருக்கிறேன்.

பால் கொடுக்கும்போது காபி குடிக்கலாமா, கூடாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சிஸ்டர்.

குடிக்கலாம். அளவு மட்டும் வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 200 மி.கி. வரை காஃபீன் போனால் குழந்தைக்குக் கவலை இல்லை என்றது. அமெரிக்காவில் 300 மி.கி. வரை பரவாயில்லை என்கிறார்கள். பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தை என்றால் 200-ஐயும், அதற்குப் பிறகு 300-ஐயும் எல்லையாக வைத்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பது மூன்றாவது பதிலில் வரும்.

நான் குடிக்கும் காபியில் எவ்வளவுதான் குழந்தைக்குப் போய்ச் சேரும்?

மிகச் சொற்பம். வயிற்றுக்குள் போன காஃபீன் முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடும், இரத்தத்திலிருந்து தடையில்லாமல் பாலுக்கும் போகும். ஆனால் அம்மாவின் உடம்பு பெரியது, குழந்தை ஒரு வேளைக்குக் குடிக்கும் பால் கொஞ்சம். அதனால் அம்மா குடித்த காஃபீனில் குழந்தைக்குப் போவது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அளந்து பார்த்த ஆய்வுகளில் சிலருக்கு அதைவிடக் குறைவாக இருந்தது, அதிகபட்சம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு.

கணக்காகச் சொன்னால், நீங்கள் நாள் முழுவதும் குடித்த காபியில் 200 மி.கி. காஃபீன் இருந்தால் குழந்தைக்கு அன்றைக்குக் கிடைப்பது சுமார் 2 மி.கி. குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு சீராக வருவதற்கு மருத்துவமனையில் காஃபீனையே மருந்தாகக் கொடுக்கிறோம். அதில் முதல் வேளைக்கே உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. காஃபீன் போகும். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் 2 மி.கி. எவ்வளவு சிறியது என்று தெரியும்.

அவ்வளவு சொற்பமாகத்தான் போகிறது என்றால் எதற்கு அளவு, கட்டுப்பாடெல்லாம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். விஷயமே இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு உள்ளே போகிறது என்பது பாதிக் கதை. போனது எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்பது மீதிப் பாதி.

காஃபீனை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. பெரியவர்களின் உடம்பில் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும். காலையில் குடித்தது இரவுக்குள் பெரும்பாலும் போய்விடுகிறது. பிறந்த குழந்தையின் கல்லீரலில் அதற்கான நொதி இன்னும் முளைவிடவே இல்லை. அதன் உடம்பில் காஃபீன் பாதியாகக் குறைவதற்கு மூன்று நாளிலிருந்து நான்கு நாள் ஆகும். அதாவது திங்கட்கிழமை போன 2 மி.கி.யில் 1 மி.கி. வெள்ளிக்கிழமையும் உள்ளே இருக்கும். நடுவில் செவ்வாய், புதன், வியாழன் என்று ஒவ்வொரு நாளும் புதிதாக 2 மி.கி. வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு சொட்டு ஒழுகும் குழாயின் கீழே வடிகால் அடைத்த தொட்டியை வைத்ததுபோல. தினமும் இதே அளவு போனால் இரண்டு மூன்று வாரத்தில் குழந்தையின் உடம்பில் தங்கும் அளவு, ஒரு நாள் வரவைப்போல ஐந்தாறு மடங்கில் வந்து நிற்கும்.

மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதத்துக்குள் அந்தக் காலம் அரை நாள் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் குழந்தை கிட்டத்தட்டப் பெரியவர்களைப்போலவே காஃபீனைக் கரைத்துத் தள்ளுகிறது. ஆகவே, டம்ளரை எண்ணும் முன் குழந்தையின் வயதை எண்ணுங்கள். இருபது நாள் குழந்தைக்கும் ஏழு மாதக் குழந்தைக்கும் ஒரே காபி ஒரே காபி அல்ல.

எங்கள் வீட்டு டம்ளர் காபியில் எத்தனை மில்லிகிராம் இருக்கும்? இணையத்தில் ஒவ்வொருவர் ஒன்று சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்வது வேறு நாட்டுக் கோப்பை. நம்முடையது டிகாஷன், அதில் பாலைக் கலப்பது. டம்ளரை அளந்து பயனில்லை; தூளை அளக்க வேண்டும். கூடவே இரண்டு விவரம் தெரிய வேண்டும். ஒன்று, தூளில் சிக்கரி எவ்வளவு? சிக்கரியில் காஃபீன் துளியும் கிடையாது. பாக்கெட்டில் வாங்கினால் சதவீதம் அச்சிட்டிருக்கும். கடையில் அரைத்து வாங்கினால் கேட்டால் சொல்வார்கள். இரண்டு, கொட்டை அராபிகாவா ரோபஸ்டாவா? அராபிகாவில் எடையில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவுக்குக் காஃபீன் உண்டு. ரோபஸ்டாவில் அதுவே இரண்டு பங்குக்கு மேல், கிட்டத்தட்ட இரட்டிப்பு.

உதாரணமாக, பில்டரில் 30 கிராம் தூள் போடுகிறீர்கள், 80-க்கு 20 கலவை. காபி 24 கிராம். பாதி அராபிகா, பாதி ரோபஸ்டா என்றால் அதில் சுமார் 400 மி.கி. காஃபீன் இருக்கும். வெந்நீரில் காஃபீன் நன்றாகக் கரையும். எனவே முதல் டிகாஷனிலேயே பெரும்பகுதி, ஏறத்தாழ 350 மி.கி. இறங்கிவிடும். அந்த டிகாஷனை வீட்டில் ஐந்து டம்ளருக்குப் பிரித்தால் டம்ளருக்கு 70 மி.கி. மூன்று பேர் கள்ளிச்சொட்டாகக் கலந்து குடித்தால் ஆளுக்கு 115-க்கு மேல். உங்கள் வீட்டுத் தூளை ஒரே ஒரு நாள் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், போதும்.

ஒரு சின்னக் குறிப்பு. கறுப்பாக, கெட்டியாக, கசப்பாக இருக்கும் காபியைத்தான் எல்லோரும் 'ஸ்ட்ராங்' என்று நினைக்கிறார்கள். அந்த நிறமும் கசப்பும் சிக்கரியிலிருந்தும் வரும். சிக்கரி கலக்காத தூள் என்று பெருமையாக வாங்கி வருகிறவர் வீட்டில்தான் காஃபீன் அதிகம். இரண்டாம் டிகாஷனில் நிறம் இருக்கும், காஃபீன் மிச்சம்தான்.

டீக்கு மாறிவிட்டால் பிரச்சினை இல்லைதானே? சுக்கு காபி, கோலா எல்லாம் எப்படி?

டீயிலும் உண்டு, ஒரு கோப்பைக்கு 30 முதல் 50 மி.கி. வரை. காபியை விட்டுவிட்டு நான்கு டீ குடிப்பவர் கணக்கில் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. கிரீன் டீயும் டீதான்.

சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மட்டும் போட்டால் சுக்கு காபியில் காஃபீன் இல்லை, பெயரில் மட்டும்தான் காபி. சில வீடுகளில் வாசனைக்கு ஒரு ஸ்பூன் காபித்தூள் சேர்ப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோலாவில் ஒரு கேனுக்கு 30 மி.கி.யை ஒட்டி இருக்கும். எனர்ஜி டிரிங்கில் 250 மில்லிக்கு 80 வரை போகும், பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதல்ல என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறார்கள். அது வேண்டாம்.

காபி குடித்த உடனே பால் கொடுக்கலாமா? எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும்?

பாலில் காஃபீன் உச்சத்துக்கு வருவது குடித்த ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில். அதனால் 'குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பொறுத்துக் கொடு' என்று யாராவது சொன்னால் அது நேர்மாறான யோசனை. சரியாக உச்சத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். பால் கொடுத்து முடித்ததும் காபி குடிப்பதுதான் பொருத்தம். கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் குடிக்கலாம், ஆனால் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சூடான டம்ளரைக் கையில் எடுக்காதீர்கள். காஃபீனால் வந்த பிரச்சினைகளைவிட காபி கொட்டிச் சுட்ட காயங்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், இரண்டு மணிக்கு ஒரு தரம் பால் கேட்கும் பச்சைக் குழந்தைக்கு இந்த நேரக் கணக்கு பெரிதாக உதவாது. மூன்றாவது பதிலில் சொன்னதுபோல் அங்கே சேர்வதுதான் விஷயம், நாளின் மொத்தம்தான் முக்கியம். பாலைப் பிழிந்து கொட்டுவதும் வீண். இரத்தத்தில் இருக்கும்வரை பாலிலும் இருக்கும், இரத்தத்தில் குறைந்தால் பாலிலும் தானாகவே குறைந்துவிடும்.

காபி குடித்தால் பால் வற்றிவிடும் என்கிறார் மாமியார்.

வற்றாது. குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதைப் பொறுத்துத்தான் பால் சுரக்கும். மாமியாரின் பேச்சில் ஓர் உண்மையும் உண்டு: பசிக்கும் நேரத்தில் காபியைக் குடித்துச் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கிறோம். பலரும் அதைக் காபியோடு விழுங்கிவிடுகிறார்கள். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

என் காபியால்தான் குழந்தை தூங்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காஃபீன் சேர்ந்த குழந்தையிடம் ஒரு தோரணை இருக்கும். பால் குடித்திருக்கும், துணி மாற்றியாகிவிட்டது, காய்ச்சல் இல்லை, அழவும் இல்லை, ஆனால் கண்ணை அகல விரித்து விழித்துக்கொண்டே இருக்கும். தூங்கினாலும் இருபது நிமிடம், அரை மணி, உடனே விழிப்பு. இரவில் மட்டும் அல்ல, பகலிலும் இதே கதைதான். கை கால் சும்மா இருக்காது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடும். நாள் போகப் போக எரிச்சலும் சேரும், தூக்கம் இல்லாமல் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எந்த நேரமும் ஒரே மாதிரி இருப்பதுதான் இங்கே அடையாளம்.

ஆனால் காபியின் மேல் பழியைப் போடும் முன் எண்ணிப் பாருங்கள். குழந்தைகள் இப்படித் துள்ளியதாகப் பதிவானவை பெரும்பாலும் நாளைக்குப் பத்துக் கோப்பை அளவுக்குக் குடித்த தாய்மார்களிடம்தான். பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 885 குழந்தைகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. நாளைக்கு 300 மி.கி.க்கு மேல் காஃபீன் எடுத்த தாய்மார்களின் மூன்று மாதக் குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட இரவில் அதிகம் விழிக்கிறார்கள் என்று அதில் நிரூபணம் கிடைக்கவில்லை. மூன்று மாதக் குழந்தை என்பதைக் கவனியுங்கள், பிறந்த குழந்தை அல்ல. நாளைக்கு இரண்டு டம்ளர் குடிக்கும் அம்மாவின் குழந்தை தூங்கவில்லை என்றால் நான் காபியைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன்.

பகலெல்லாம் நன்றாக இருக்கிறான், விளக்கு வைக்கும் நேரம் ஆனால் வீல் வீல் என்று அழுகிறான். திருஷ்டி சுற்றிவிட்டோம், அதற்கும் அடங்கவில்லை.

சுற்றிப் போட்டதில் தவறில்லை, ஆனால் அதற்குமுன் அன்று வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள். இது பெரும்பாலும் குழந்தை தாங்கும் அளவைத் தாண்டி வெளிச்சம், சத்தம், கைமாறுதல் எல்லாம் அதன்மேல் விழுந்ததால் வருவது. ஒரு தொட்டில் போடும் நாளில் நானே உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து வாரக் குழந்தை. மேலே குழல்விளக்கு, எதிரே தொலைக்காட்சி, பெரியப்பா முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். முதலில் குழந்தை பார்த்தது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. 'இந்தப் பக்கம் பாருடா' என்று அவர் அந்தப் பக்கம் போய் ஆட்டினார். கை விரல்கள் ஐந்தும் விசிறிபோல் விரிந்து நின்றன. ஒரு கொட்டாவி, இரண்டு தும்மல், பிறகு விக்கல். நெற்றி சுருங்கியது, முதுகு வில்லாக வளைந்தது. அதற்கப்புறம்தான் அழுகை. எல்லோரும் 'பசி' என்றார்கள்.

அழுகைக்கு முன் வந்த ஒவ்வொன்றும் 'போதும்' என்று குழந்தை சொன்னதுதான். முகம் திருப்புவது, கண்ணைத் தவிர்ப்பது, விரல் விரிப்பது, முஷ்டி இறுக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, தோல் திட்டுத்திட்டாக மாறுவது, உடம்பு விறைப்பது. பசி வேறு மாதிரி: வாயைத் திறந்து பக்கவாட்டில் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், மார்பைக் கொடுத்தால் அடங்கும். மிரண்டுபோன குழந்தை மார்பில் வைத்தாலும் வாயெடுத்து வளைந்துகொள்ளும்.

அப்போது செய்ய வேண்டியது ஒவ்வொன்றாகக் குறைப்பது. வெளிச்சம் மங்கிய அறைக்குக் கொண்டுபோங்கள், கைகளை மார்போடு சேர்த்து அணைத்து உங்கள் நெஞ்சில் சாய்த்துக்கொள்ளுங்கள், பேசாமல் இருங்கள். பாட்டு, தட்டல், ஆட்டல் மூன்றையும் ஒன்றாகச் செய்யாதீர்கள். தூளியை வேகமாக ஆட்டுவது இன்னொரு தூண்டல்தான். பத்து, பதினைந்து நிமிடத்தில் உடம்பு தளர்ந்தால் காரணம் தெரிந்துவிட்டது. காஃபீன் தங்கிய குழந்தை இருட்டு அறையிலும் விழித்துத்தான் கிடக்கும். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். அந்த உச்சமும் சாயங்காலத்தில்தான் அதிகம். நீங்கள் காபியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அது வந்துபோகும்.

கை கால் வெடுக் வெடுக்கென்று உதறுகிறது. காபியா, வலிப்பா?

உதறும் கையை மெதுவாகப் பிடித்து மடக்கிப் பாருங்கள். பிடித்ததும் நின்றுவிட்டால், கண் இயல்பாக இருந்தால், அது பெரும்பாலும் நடுக்கம். பிடித்த பிறகும் உங்கள் கைக்குள்ளேயே தாளமாகத் துடித்துக்கொண்டிருந்தால், கண் ஒரே பக்கம் நிலைகுத்தினால், உதடு நீலமானால், மூச்சு நின்று நின்று வந்தால், வலிப்பு என்று எண்ணி உடனே கிளம்புங்கள். முடிந்தால் போகும் வழியில் ஒரு வீடியோ எடுங்கள், டாக்டருக்கு உங்கள் வர்ணனையைவிட அது உதவும்.

நடுக்கம்தான் என்றாலும் முதல் சில நாள் குழந்தைக்கு அதைக் காபிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சர்க்கரையோ கால்சியமோ குறைந்தாலும் இப்படித்தான் நடுங்கும். ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிடலாம்.

காபியை அறவே நிறுத்திப் பார்த்தேன். இரண்டு நாளில் ஒரு மாற்றமும் இல்லையே?

குழந்தைக்கு எத்தனை நாள்? பிறந்து ஒரு மாதத்துக்குள் என்றால் இரண்டு நாளில் உள்ளே இருப்பதில் பாதிகூடப் போயிருக்காது. இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். ஏழு மாதக் குழந்தை என்றால் இரண்டு நாள் தாராளம். மாற்றம் இல்லை என்றால் காரணம் காபி அல்ல.

ஒரு வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். குழந்தைக்கு 19 நாள், எடை 3.2 கிலோ. கண் மூடுவதே இல்லை என்று பாட்டி தூக்கிக்கொண்டு வந்தார். எடை ஏறியிருந்தது, ஈரத்துணி நாளைக்கு எட்டு, காய்ச்சல் இல்லை, டாக்டர் பார்த்து எதுவும் இல்லை என்றார். காபி குடிப்பீர்களா என்றேன். 'ரெண்டு வேளை' என்றார் அந்தப் பெண். வேளை இரண்டுதான், டம்ளர் ஐந்து! பிறந்த வீட்டில் காலையில் 30 கிராம், மாலையில் 20 கிராம் தூள். நான்காவது பதிலில் சொன்ன அதே கலவை. மொத்தம் இறங்கும் காஃபீன் சுமார் 600 மி.கி., பத்து டம்ளரில் ஐந்து இவருக்கு. ஆக 300. அதில் நூற்றில் ஒரு பங்கு 3 மி.கி. குழந்தைக்கு. அது ஐந்தாறு மடங்காகத் தங்கினால் 15 முதல் 18 மி.கி., கிலோவுக்கு 5-ஐ ஒட்டி. ஆபத்தான அளவு அல்ல. மருந்தாகக் கொடுக்கும் முதல் வேளையில் பாதிதான். ஆனால் ஒரு குழந்தையின் தூக்கத்தைக் கலைக்க அது போதும்.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் என்று குறைத்து, அதிகாலைக் காபியையும் மாலைக் காபியையும் மட்டும் வைத்துக்கொண்டார், அதிலும் டிகாஷன் பாதி. மூன்றாம் வாரத்தில் குழந்தை ஒரே மூச்சில் இரண்டரை மணி நேரம் தூங்கியது. பாட்டிக்குக் காபியின் மேல் தீர்ப்பு எழுத அது போதுமானதாக இருந்தது. எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. அதே நாட்களில்தான் பார்க்க வருகிறவர்கள் கூட்டமும் ஓய்ந்திருந்தது, குழந்தையும் மூன்று வாரம் வளர்ந்திருந்தது.

காபியைக் குறைத்ததும் எனக்குத் தலை வெடிக்கிறது. தலைவலி மாத்திரை போடலாமா?

தினமும் காபி குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி வரும், இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்தில் அடங்கும். மேலே சொன்னபடி படிப்படியாகக் குறைத்தால் வராது அல்லது லேசாக வரும்.

பாராசிட்டமால் பால் கொடுப்பவருக்கு ஏற்றதுதான். ஆனால் பெட்டிக்கடையில் கிடைக்கும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காஃபீனும் சேர்த்திருப்பார்கள். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும். முன்வாசலில் காபியை அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாக உள்ளே விட்ட கதையாகிவிடும். பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்டவர்களுக்கு முதல் வாரத்தில் உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் குறையும் தலைவலி வந்தால், அதைக் காபிக் கணக்கில் சேர்க்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கண் மங்கல், பார்வையில் பூச்சி பறப்பது, கால் வீக்கம் சேர்ந்தால் அன்றைக்கே இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

குறைமாதக் குழந்தை, இன்னும் ஐ.சி.யூ.வில் இருக்கிறான். அங்கேயே காஃபீன் கொடுக்கிறார்கள். அப்படியானால் நான் தாராளமாகக் குடிக்கலாமா?

கூடாது. அதே பொருள் என்பதால்தான் கூடாது. 34 வாரத்துக்கு முன் பிறந்த பல குழந்தைகளின் மூளை மூச்சு விடுவதை நடுநடுவே மறந்துவிடும். அதை நினைவூட்டத்தான் காஃபீன் சிட்ரேட். எடையைப் பார்த்து, இதயத் துடிப்பைப் பார்த்து, அளந்து கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் அம்மாவின் பங்கு தெரியாமல் சேரக்கூடாது. நிறை மாதக் குழந்தையைவிட இவன் கல்லீரல் இன்னும் மெதுவானது.

காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பால் பிழிந்து கொடுப்பவராக இருந்தால் அதற்காகப் பாலை வீணாக்க வேண்டாம். மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பும் வாரத்திலும் இதே அளவில் இருங்கள். அப்போதுதான் மருந்து இல்லாமல் அவன் மூச்சு எப்படி இருக்கிறது என்று அவர்களால் சரியாகப் பார்க்க முடியும்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. இனி இஷ்டம்போலக் குடிக்கலாம்தானே?

குழந்தையின் கல்லீரலைப் பொறுத்தவரை பயம் குறைந்துவிட்டது. 300 மி.கி.க்குள் இருந்தால் போதும், மூன்று டம்ளர் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் இந்த வயதில் புதிய வழி ஒன்று திறக்கிறது: டபராவின் அடியில் மிஞ்சிய காபியில் பிஸ்கட்டைத் தொட்டுக் குழந்தைக்குத் தாத்தா ஊட்டுவது. பால் வழியாகப் போனது நூற்றில் ஒரு பங்கு. டபரா வழியாகப் போவது முழுதாகப் போகும். ஒரு வாய்க் காபியில் 5 மி.கி. இருந்தால், நீங்கள் நாள் முழுவதும் குடித்த 300 மி.கி.யிலிருந்து பால் வழியாக அவனுக்குக் கிடைப்பதைவிட அது அதிகம். தாத்தாவிடம் சண்டை போட வேண்டாம், டபராவைக் கழுவி வைத்துவிடுங்கள்.

எந்தக் கட்டத்தில் காபி, தூக்கம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்?

மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தால். இரண்டு வேளை தொடர்ந்து பால் குடிக்க மறுத்தால். பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஈரத்துணி ஆறுக்கும் குறைந்தால். பச்சையாக வாந்தி எடுத்தால், உச்சிக்குழி புடைத்தால், எதற்கும் அடங்காமல் கீச்சென்ற குரலில் அழுதுகொண்டே இருந்தால், அல்லது எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால்.

கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். காஃபீன் குழந்தையை விழிக்க வைக்கும், தூங்க வைக்காது. 'அப்பாடா, இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்குகிறான்' என்று ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நாளில், பால் குடிக்காமல் சர்க்கரை இறங்கிக் கிடந்த குழந்தையை நாங்கள் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். முதல் மாதத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுங்கள்.